45780 என்பது எந்த நாள்?

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தப் புடவைக் கடை. அங்கே பில் போடுவது ஒரு மென்பொருளில், கணக்கு வைப்பது இன்னொன்றில். 2025 மார்ச் மாதக் கடன் பில்களை முதலாவதிலிருந்து சிஎஸ்வி கோப்பாக எடுத்தார்கள். அதை எக்செலில் திறந்து பார்த்து, எக்செல் கோப்பாகச் சேமித்து, இரண்டாவதில் ஏற்றினார்கள். ஏற்றி முடிந்ததும் திகதி நிரல் இப்படி நின்றது:

```
1041   45660
1047   45780
1058   45933
1066   14/03/2025
1083   27/03/2025
```

இடப்பக்கம் பில் இலக்கம், வலப்பக்கம் திகதி. கடைசி இரண்டு வரியும் ஒழுங்காக இருக்கின்றன. முதல் மூன்றில் திகதிக்குப் பதிலாக ஐந்து இலக்க எண்கள். இவை எங்கிருந்து வந்தன, எப்படி மறுபடி திகதியாக்குவது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எண்ணைத் திகதியாக மாற்றுவது பத்து விநாடி வேலை. மாற்றி வந்த திகதி உண்மையான திகதிதானா என்று பார்ப்பதுதான் வேலை. மேலே உள்ள மூன்று எண்களும் அந்த இரண்டாவது சோதனையில் தோற்கும்.

அந்த எண் என்ன சொல்கிறது

எக்செலுக்குத் திகதி என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. அது நாட்களை எண்ணி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 1900 ஜனவரி 1 முதலாம் நாள், ஜனவரி 2 இரண்டாம் நாள். இப்படியே எண்ணிக்கொண்டு போனால் 2025 ஜனவரி 1 வரும்போது 45658. முச்சக்கர வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் ஓடுவதுபோல ஒரு நாளைக்கு ஒன்று ஏறும், பின்னால் போகாது. நாம் திரையில் பார்க்கும் 05/03/2025 என்பது அந்த எண்ணின் மேல் போட்ட ஒரு தோற்றம். உள்ளே இருப்பது 45721.

நேரமும் சேர்ந்திருந்தால் அது தசமத்தில் வரும். 45721.4375 என்றால் 2025 மார்ச் 5, காலை 10.30. ஒரு நாளின் 24 மணித்தியாலத்தில் பத்தரை மணித்தியாலம் 0.4375 பங்கு. எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் நீண்ட வாலும் கண்டால் பயப்பட வேண்டாம், அது மணி.

இனி, தோற்றம் எப்படிக் கழன்றது? எக்செல் கோப்புக்குள் எண் ஓரிடத்திலும், "இதைத் திகதியாகக் காட்டு" என்ற குறிப்பு வேறோரிடத்திலும் சேமிக்கப்படுகின்றன. இறக்குமதி செய்யும் மென்பொருள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு குறிப்பை விட்டுவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது 45721. சிஎஸ்வியாகச் சேமிக்கும்போதும் இது நடக்கும். எக்செல் சிஎஸ்வியில் எழுதுவது திரையில் தெரிவதைத்தான். அந்த நேரத்தில் நிரல் General வடிவில் இருந்தால் எண்ணே எழுதப்படும். பிறகு அந்தக் கோப்பை யார் திறந்தாலும் அது திகதி என்று சொல்ல அதில் எதுவும் மிச்சமில்லை.

ஐந்து இலக்கம் எல்லாம் திகதி என்றும் எண்ணிவிடக் கூடாது. 2020 ஜனவரி 1 என்பது 43831, 2030 டிசம்பர் 31 என்பது 47848. நம் காலத்துப் பில்கள் இந்த இரண்டுக்கும் நடுவே விழவேண்டும். அப்படி விழுந்தாலும், அது என்ன நிரல் என்று தலைப்பைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தின் தபால் குறியீடு 40000. முகவரி நிரலை யாராவது தவறுதலாகத் திகதி வடிவுக்கு மாற்றினால் யாழ்ப்பாணத்து வாடிக்கையாளர் எல்லோருக்கும் 2009 ஜூலை 6 என்று வரும்.

முதலில் செய்து பார்க்க வேண்டியது

எக்செலிலேயே எண் தெரிகிறது என்றால், முதலில் Ctrl விசையுடன் ` விசையை அழுத்திப் பாருங்கள். விசைப்பலகையில் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் விசை அது. சூத்திரங்களைக் காட்டும் நிலை தவறுதலாக இயங்கியிருந்தால் தாளில் உள்ள திகதி எல்லாம் எண்ணாகத் தெரியும். மறுபடி அழுத்தினால் சரியாகிவிடும். இதற்காக மணிக்கணக்கில் தலையை உடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

அது காரணமில்லை என்றால், ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பிரதியில் வேலை செய்யுங்கள். நிரலைத் தெரிவுசெய்து Ctrl+1 அழுத்தினால் Format Cells பெட்டி வரும். அதில் Custom என்பதற்குப் போய், Type பெட்டியில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
dd-mmm-yyyy
```

Short Date என்று ஒரு தயார் வடிவம் இருக்கும்போது எதற்கு இது என்று கேட்கலாம். மாதம் எழுத்தில் வரவேண்டும் என்பதற்காகத்தான். இந்த ஒரு பழக்கம் எவ்வளவு பெரிய காரியம் என்பது கொஞ்சம் கீழே தெரியும்.

வடிவத்தை மாற்றியும் 45780 அசையாமல் நிற்கிறதா? அப்படியென்றால் அது எண் இல்லை, எண்போலத் தோன்றும் எழுத்து. பெட்டியின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்பதையும் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் இருப்பதையும் வைத்து அடையாளம் காணலாம். பக்கத்து நிரலில் ஒரு சூத்திரம் போட்டால் அது எண்ணாகும். பிறகு அந்த நிரலுக்குத் திகதி வடிவம் கொடுங்கள்:

```
=A2+0
```

கூகுள் ஷீட்ஸிலும் இதே கதைதான். Format, Number, Date என்று போனால் 45780 அங்கேயும் அதே நாளாகத்தான் மாறும்.

உங்கள் நிரல் முழுவதும் எண்ணாகவே இருந்து, மாற்றிய பிறகு வந்த திகதிகள் கையில் உள்ள பில்லுடன் பொருந்தினால் உங்கள் வேலை இங்கே முடிந்துவிட்டது. நம் புடவைக் கடைக்கு முடியவில்லை.

டிசம்பர் பில் எப்படி ஏப்ரலில் வந்தது

ஏப்ரல் தொடக்கத்தில் கணக்குப் பார்க்கும் பையன் எண்களுக்குத் திகதி வடிவம் கொடுத்தான். Short Date கொடுத்தான். 45780 இருந்த இடத்தில் 5/3/2025 வந்தது. பில் புத்தகத்தில் 1047-ஆம் பில்லின் திகதி 05/03/2025. அச்சொட்டாகப் பொருந்துகிறது! மற்ற இரண்டும் அப்படியே: 45660 என்பது 1/3/2025 ஆகி 1041-ஆம் பில்லுடன் ஒத்துப்போனது, 45933 என்பது 10/3/2025 ஆகி 1058 உடன் ஒத்துப்போனது. அறுபது நாள் கடன் என்பதால் இந்த மூன்றுடனும் 60-ஐக் கூட்டி, பணம் வரவேண்டிய நாளைக் கணக்கிட்டு, பட்டியலை மாதவாரியாகப் பிரித்து முதலாளியிடம் நீட்டினான்.

"தம்பி, இப்ப ஏப்ரல் தானே? இதில டிசம்பர் பில் எப்படி இப்பவே வந்துச்சு?"

"இல்லையே முதலாளி, திகதியெல்லாம் மார்ச்தான். பில் புத்தகத்தோட பார்த்தேன்."

இருவர் சொன்னதும் உண்மை. கம்ப்யூட்டரின் பிராந்திய அமைப்பு ஐக்கிய அமெரிக்கா என்று இருந்தது. அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. நாமோ நாளை முதலில் எழுதுகிறவர்கள். பில் மென்பொருள் நம் வழக்கப்படி 05/03/2025 என்று எழுதிக் கொடுத்தது. எக்செல் சிஎஸ்வியைத் திறந்த கணத்தில் அதை மே மாதம் 3-ஆம் திகதி என்று படித்து 45780 ஆக்கிவிட்டது. உண்மையான மார்ச் 5 என்றால் 45721 வந்திருக்கவேண்டும். பிறகு அதே கம்ப்யூட்டர் 45780-ஐத் திரும்பக் காட்டும்போது மே 3-ஐத் தன் வழக்கப்படி 5/3/2025 என்று எழுதுகிறது. நாம் அதை நம் வழக்கப்படி மார்ச் 5 என்று படிக்கிறோம். இரண்டு பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதால் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது. கூட்டலும் மாதப் பிரிப்பும் மட்டும் உள்ளே இருக்கும் எண்ணை வைத்து நடப்பதால் அவைதான் காட்டிக்கொடுக்கின்றன.

dd-mmm-yyyy என்று போட்டிருந்தால் 45780 முதல் பார்வையிலேயே 03-May-2025 என்று நின்றிருக்கும். Short Date வேண்டாம் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்.

அப்படியானால் 14/03/2025 ஏன் எண்ணாகவில்லை? மாதம் முதலில் என்று படித்தால் அது 14-ஆம் மாதம். அப்படியொரு மாதம் இல்லாததால் எக்செல் அதைத் திகதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. எழுத்து என்பதால் அது மென்பொருள் மாறும்போதும் உருமாறாமல் போய்ச் சேர்ந்தது. ஆக, ஒழுங்காக இருப்பவைபோலத் தெரிந்த வரிகள் எக்செல் புரிந்துகொள்ளாமல் விட்டவை. எண்ணாகிப்போனவை தவறாகப் புரிந்துகொண்டவை.

இதன் விளைவு சாதாரணமில்லை. 1047-ஆம் பில்லுக்கு அறுபது நாள் முடிவது மே 4. கடையின் பட்டியலில் அது ஜூலை 2 என்று இருந்தது. இரண்டு மாதம் தாமதமாகப் பணம் கேட்டிருப்பார்கள். 1058-இன் அறுபது நாள் ஒக்டோபர் 3-இலிருந்து எண்ணப்பட்டு டிசம்பர் 2-இல் போய் நின்றது, முதலாளி கண்ட டிசம்பர் அதுதான். 1041 நேர்மாறு. உண்மையில் மார்ச் 1-ஆம் திகதிப் பில், ஏப்ரல் 30 வரை தவணை இருக்கிறது. பட்டியல் அதை ஜனவரி 3 என்று எடுத்து, மார்ச் 4-இலேயே தவணை முடிந்ததாகச் சொல்லியது. நேரத்துக்குப் பணம் கட்டும் ஒரு மலையகத்துக் கடைக்காரரை அழைத்துக் காசு கேட்கிற நிலைமை அது.

நாளும் மாதமும் மாறியிருக்கிறதா என்று எப்படி அறிவது

எண்களும் சாய்கோட்டுத் திகதிகளும் ஒரே நிரலில் கலந்து நின்றால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். கலப்பு இருப்பதே முதல் அறிகுறி.

அடுத்தது, எழுத்தாக நிற்கும் திகதிகளின் நாளைப் பாருங்கள். எல்லாம் 13 அல்லது அதற்கு மேல் இருக்கும். எண்ணாகியவற்றை dd-mmm-yyyy வடிவில் பாருங்கள். நாள் ஒருபோதும் 12-ஐத் தாண்டாது. இந்த இரண்டும் சேர்ந்து உண்மையானால் சந்தேகத்துக்கு இடமில்லை. நீண்ட பட்டியல் என்றால் ஒரு பக்க நிரலில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=IF(ISNUMBER(FIND("/",A2)),"",DAY(A2+0))
```

சாய்கோடு உள்ள வரிகளை விட்டுவிட்டு, எண் வரிகளின் நாளை மட்டும் இது காட்டும். நிரல் திகதி வடிவத்தில் வந்தால் அதற்கு General கொடுங்கள். அந்த நிரலின் உச்ச எண் 12 அல்லது அதற்குக் கீழே என்றால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. 25, 28 என்று ஏதாவது வந்தால் குறைந்தது அந்த வரியாவது மாறவில்லை. அப்போது கீழே வரும் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது.

நம் கடையின் கோப்பு ஒரே மாதத்துக்குரியது என்பதால் அதில் இன்னும் வேடிக்கையான ஓர் அடையாளம் இருந்தது. எண்ணாகிய எல்லா வரிகளும் ஏதோ ஒரு மாதத்தின் 3-ஆம் திகதியில் விழுந்தன. ஜனவரி 3, மே 3, ஒக்டோபர் 3. மார்ச்சின் 3 நாளாகவும், பில்லின் நாள் மாதமாகவும் போய்விட்டது. மார்ச் மாதத்துக்கு உரிய எண்கள் 45717 முதல் 45747 வரைதான். இந்தச் சிறு எல்லையைத் தெரிந்துவைத்திருந்தால் வடிவத்தை மாற்றாமலேயே 45933-ஐப் பார்த்து "நீ மார்ச் இல்லை" என்று சொல்லிவிடலாம்.

கிழமையும் சாட்சி சொல்லும். 08/03/2025 சனிக்கிழமை, கடை திறந்த நாள். அது இடம் மாறினால் ஓகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு பூட்டும் கடையில் ஞாயிறு பில் வந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஆனால் கிழமையை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. மார்ச் 12-உம் டிசம்பர் 3-உம் இரண்டுமே 2025-இல் புதன்கிழமை.

சரிசெய்வது

மூல நிரல் A, முதல் வரி A2 என்று வைத்துக்கொள்வோம். B2-இல் இந்தச் சூத்திரம்:

```
=IF(ISNUMBER(FIND("/",A2)),
 DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)),
 DATE(YEAR(A2+0),DAY(A2+0),MONTH(A2+0)))
```

முதல் வரி பெட்டிக்குள் சாய்கோடு இருக்கிறதா என்று கேட்கிறது. இருந்தால் அது எக்செல் தொடாத எழுத்து. இரண்டாம் வரி அதன் கடைசி நான்கு எழுத்தை ஆண்டாகவும், நான்காம் இடத்திலிருந்து இரண்டு எழுத்தை மாதமாகவும், முதல் இரண்டை நாளாகவும் எடுத்துத் திகதி ஆக்குகிறது. சாய்கோடு இல்லையென்றால் அது எண். DATE என்பது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கேட்கும். மூன்றாம் வரியில் மாதம் இருக்கவேண்டிய இடத்தில் DAY, நாள் இருக்கவேண்டிய இடத்தில் MONTH என்று வேண்டுமென்றே மாற்றிப் போட்டிருக்கிறோம். எக்செல் செய்த இடமாற்றத்தை அது திருப்பிவிடுகிறது.

45780-ஐ இதில் போட்டுப் பார்ப்போம். சாய்கோடு இல்லை. ஆண்டு 2025, நாள் 3, மாதம் 5. மாற்றிப் போட்டால் DATE(2025,3,5), அதாவது மார்ச் 5. உள்ளே இருக்கும் எண் இப்போது 45721. 14/03/2025 இரண்டாம் வரியால் DATE(2025,3,14) ஆகிறது. இரண்டு வகையும் ஒரே நிரலில் உண்மையான திகதியாக வந்து சேர்கின்றன. நிரல் முழுவதற்கும் இழுத்து, dd-mmm-yyyy கொடுத்துவிடுங்கள்.

A2+0 என்று எழுதியதற்குக் காரணம், எண்கள் எழுத்தாக வந்திருந்தாலும் சூத்திரம் வேலை செய்யவேண்டும் என்பது. எண்ணா எழுத்தா என்று ISNUMBER(A2) போட்டுப் பிரிக்கும் சூத்திரங்களும் புழக்கத்தில் இருக்கின்றன. எண் எழுத்தாக வந்த கோப்பில் அவை 45780-ஐ எழுத்துத் திகதி என்று எடுத்துத் துண்டுபோட்டு 5786-ஆம் ஆண்டுக்குக் கொண்டுபோய் விடும். சாய்கோட்டைத் தேடுவது பாதுகாப்பானது. உங்கள் கோப்பில் சாய்கோட்டுக்குப் பதில் கோடு இருந்தால், 14-03-2025 என்பதுபோல, மேற்கோளுக்குள் உள்ள / ஐ - ஆக மாற்றுங்கள். 5/03/2025 என்று நாளுக்கு முன் பூச்சியமில்லாமல் எழுதும் மென்பொருள் என்றாலும் அச்சமில்லை, நாள் 13 அல்லது அதற்கு மேல் உள்ளவைதான் எழுத்தாக நிற்கின்றன. ஆனால் மாதம் ஒற்றை இலக்கத்தில், 14/3/2025 என்று நின்றால் MID பிசகும். அப்போது கழுத்தறுக்கும் #VALUE! பிழை வரும், குறைந்தபட்சம் சத்தம் போட்டுச் சொல்லும்.

சத்தம் போடாத பிழைதான் ஆபத்து. இடம் மாறாத ஒரு வரியில், உதாரணமாக உண்மையிலேயே மார்ச் 14 ஆன 45730-இல், மூன்றாம் வரி DATE(2025,14,3) என்று கேட்கும். 14-ஆம் மாதம் இல்லை என்று எக்செல் மறுக்காது. 12 மாதத்தைக் கழித்து 2026 பெப்ரவரி 3 என்று அமைதியாக எழுதிவிடும். DAY நிரலை முன்னரே பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

சரிபார்க்கும்போது எந்தப் பில்லை எடுப்பது

பில் புத்தகத்தை எடுத்து இரண்டு மூன்றைச் சரிபார்ப்பது வழக்கம். எதை எடுக்கிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. 03/03/2025 எதையும் நிரூபிக்காது. எந்தப் பக்கம் படித்தாலும் அது மார்ச் 3, எண் 45719. நாளும் மாதமும் வேறாக, நாள் 12-க்குள் உள்ள ஒரு பில் கட்டாயம் வேண்டும். அதனுடன் 13-க்கு மேற்பட்ட ஒரு பில்.

அதைவிட நல்ல சோதனை பில் இலக்கமே. இலக்கம் ஏறும்போது திகதி இறங்கக் கூடாது. பட்டியலைப் பில் இலக்கப்படி அடுக்கி, C3-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=B3<B2
```

எங்காவது TRUE வந்தால் அந்த இடத்தில் திகதி பின்னால் போயிருக்கிறது. திருத்துவதற்கு முன் நம் கடையின் பட்டியலில் 1058-க்கு ஒக்டோபரும் 1066-க்கு மார்ச்சும் இருந்தன, இரண்டுமே எண்ணாக இருந்திருந்தால் அங்கே TRUE வந்திருக்கும்.

ஒரு நிலைமையில் மட்டும் சூத்திரம் கைகொடுக்காது. இரண்டு கிளைகளின் கோப்புகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, ஒரு கம்ப்யூட்டர் அமெரிக்க அமைப்பிலும் மற்றது பிரித்தானிய அமைப்பிலும் இருந்திருந்தால், 12-க்குள் உள்ள ஒவ்வோர் எண்ணும் எந்தப் பக்கம் என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. அப்போது பில் இலக்க வரிசை அல்லது மூலச் சிஎஸ்வி, இரண்டில் ஒன்றுதான் கதி. மூலக் கோப்பு இருந்தால் அதை எக்செலில் திறக்காமல் Notepad-இல் திறந்து பாருங்கள். Notepad எதையும் மாற்றாது, உள்ளதை அப்படியே காட்டும்.

இரண்டு நாள் தள்ளி வந்தால், நான்கு வருடம் தள்ளி வந்தால்

நாளும் மாதமும் மாறாமல், எல்லாத் திகதியும் ஒரே அளவில் தள்ளி நின்றால் கதை வேறு.

சரியாக இரண்டு நாள் பிந்திய திகதியாக வருகிறது என்றால், யாரோ 1900 ஜனவரி 1-உடன் எண்ணைக் கூட்டியிருக்கிறார்கள். ஜனவரி 1 என்பது பூச்சியம் இல்லை, ஒன்று. அதில் ஒரு நாள் போகிறது. மற்ற நாள் பழைய லோட்டஸ் 1-2-3 மென்பொருளின் மரபு. 1900 லீப் வருடம் இல்லை. நூற்றாண்டு வருடம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப். லோட்டஸ் அதை லீப் என்று எடுத்து, இல்லாத பெப்ரவரி 29-ஐயும் எண்ணிவிட்டது. லோட்டஸ் கோப்புகளுடன் ஒத்துப்போகவேண்டும் என்பதற்காக எக்செலும் அந்தப் பிழையை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டது. எக்செலில் 60 என்று அடித்துத் திகதி வடிவம் கொடுங்கள், 1900 பெப்ரவரி 29 என்ற பிறக்காத நாளைக் காணலாம். அதனால்தான் வெளியே கணக்கிடுகிறவர்கள் 1899 டிசம்பர் 30-இலிருந்து தொடங்குகிறார்கள். பைதனில் பாண்டாஸ் பாவிக்கிறவர்களுக்கு:

```
pd.to_datetime(45721, unit="D", origin="1899-12-30")
```

நான்கு வருடமும் ஒரு நாளும் முந்திய திகதியாக வந்தால், கோப்பு 1904 திகதி முறையில் உருவானது. பழைய மேக் எக்செல் இப்படித்தான் எண்ணும். 2025 மார்ச் 5 அங்கே 44259. அதை நம் முறையில் படித்தால் 2021 மார்ச் 4. ஒவ்வோர் எண்ணுடனும் 1462-ஐக் கூட்டினால் சரி.

மறுபடி ஏற்றுவதற்கு முன்

அடுத்த மாதமும் இதே கூத்து வேண்டாம் என்றால் சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். எக்செலில் Data பட்டிக்குப் போய் From Text/CSV, பிறகு Transform Data. திகதி நிரலின் தலைப்பில் வலச் சொடுக்கி Change Type, Using Locale என்று போய், வகை Date, இடம் English (United Kingdom) என்று தெரிவுசெய்யுங்கள். முந்திய மாற்றத்தை நீக்கவா என்று கேட்டால் Replace current கொடுங்கள். நாள் முதலில் என்று இப்போது எக்செலுக்குத் தெரியும். 14/03-உம் 05/03-உம் ஒரே விதமாகப் படிக்கப்படும். விண்டோஸின் பிராந்திய அமைப்பையே பிரித்தானிய ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவது இன்னும் இலகு. ஆனால் அதே கம்ப்யூட்டரில் அமெரிக்க வரிசையை எதிர்பார்க்கும் வேறு மென்பொருள் இருந்தால் அங்கே புதுத் தலைவலி தொடங்கும்.

இப்போது கையில் உள்ள கோப்புக்கு வருவோம். B நிரலில் திருத்திய திகதி இருக்கிறது. அதை அப்படியே கணக்கு மென்பொருளுக்குக் கொடுத்தால் அது மறுபடி தோற்றத்தைக் கழற்றி எண்ணை எடுத்துக்கொள்ளும். இந்த முறை 45721 வரும், பெறுமதி சரி, ஆனாலும் எண்தான். அதற்குப் பதிலாகத் திகதியை எழுத்தாகவே கொடுத்துவிடலாம்:

```
=TEXT(B2,"yyyy-mm-dd")
```

2025-03-05 என்பதை இரண்டு விதமாகப் படிக்க வழியில்லை. உங்கள் கணக்கு மென்பொருள் dd/mm/yyyy தான் ஏற்கும் என்றால் மேற்கோளுக்குள் அதை எழுதுங்கள். இந்த நிரலைப் பிரதி செய்து Paste Special, Values என்று ஒட்டிய பிறகு A, B நிரல்களை அழிக்கலாம். ஒட்டாமல் அழித்தால் சூத்திரம் எல்லாம் #REF! ஆகிவிடும். ஏற்றுவதற்கு முன், ஏற்கெனவே தவறான திகதியுடன் உள்ளே போன மார்ச் பில்களைக் கணக்கு மென்பொருளிலிருந்து நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 1047-ஆம் பில் மே மாதத்தில் ஒன்றும் மார்ச்சில் ஒன்றுமாக இரண்டு தடவை நிற்கும், கடைக்காரர் கட்டவேண்டிய தொகையும் இரட்டிப்பாகும்.